எந்த நாளில் தூக்கம் திரும்புகிறது?

மாதவிடாயும் தூக்கமும் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெண்கள் நல மருத்துவராக இந்தப் புகாரைக் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கெட்டுப்போன தூக்கம் எந்த நாளில் சரியாகிறது? அதற்கான பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கேள்வி: வயது 29. பீரியட்ஸ் வருவதற்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்து இரவு இரண்டு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. உடம்பு சூடாக இருக்கிறது, போர்வையை உதறிவிடுகிறேன். ரத்தப்போக்கு தொடங்கி ஓரிரு நாளில் எல்லாம் சரியாகிவிடுகிறது. எனக்கு மனப்பதற்றமா?

நீங்கள் சொல்லும் வரிசையைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரே நாட்களில் வந்து, ரத்தப்போக்கு தொடங்கியதும் விலகும் தூக்கக்கேட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஹார்மோன்தான் இருக்கும்.

கருமுட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்ட்ரோன் ஏறத் தொடங்குகிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, கரு தங்காவிட்டால் அப்புறம் வேகமாக இறங்குகிறது. இந்த ஹார்மோன் தூக்கத்தின் மீது இரண்டு வேலை செய்கிறது, இரண்டும் எதிரெதிரானவை. ஒன்று, அது உடைந்து உண்டாகும் ஒரு பொருள் மூளையை அமைதிப்படுத்துகிறது. தூக்க மாத்திரைகள் பலவும் வேலை செய்யும் அதே இடத்தில்தான் இதுவும் வேலை செய்கிறது. இன்னொன்று, அது உடலின் உள்வெப்பத்தை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்திவிடுகிறது. நல்ல தூக்கத்துக்கு இரவில் உடம்பு குளிர வேண்டும். இந்த நாட்களில் அது வழக்கமான அளவுக்குக் குளிர்வதில்லை.

ஹார்மோன் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் அமைதிப்படுத்தும் பக்கம் ஈடு கொடுத்துவிடுவதால் பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சிலருக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கம்கூட இருக்கும். கடைசி நாட்களில் ஹார்மோன் சரியும்போது அந்த அமைதி சட்டென்று விலகுகிறது, வெப்பமோ முழுதாக இறங்கியிருக்காது. உங்கள் இரண்டு மணி விழிப்பு அந்த இடைவெளியில் வருவது.

கையில் கட்டும் கடிகாரத்தில் தூக்கத்தை அளப்பவர்கள் இந்த நாட்களில் இதயத்துடிப்பு நிமிடத்துக்குச் சில துடிப்புகள் கூடியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். அதுவும் இதே ஹார்மோனின் விளைவுதான். ஆய்வகத்தில் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தால், ஆரோக்கியமான பெண்களிடம் இந்த நாட்களின் தூக்கம் மற்ற நாட்களிலிருந்து பெரிதாக மாறுவதில்லை. ஆனால் காலையில் எழும்போது சரியாகத் தூங்காத உணர்வு உண்மையிலேயே கூடுகிறது. கடிகாரம் நல்ல மதிப்பெண் கொடுத்ததற்காக, நீங்கள் சொல்வது பொய் என்று ஆகிவிடாது.

அந்த ஐந்து இரவுகளுக்கு மட்டும் மெல்லிய பருத்தி விரிப்பு, தனித்தனியாக விலக்கக்கூடிய இரண்டு மெல்லிய போர்வைகள், காற்றோட்டமான அறை என்று மாற்றிப் பாருங்கள். படுப்பதற்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் முன்பு பத்து நிமிடம் வெந்நீரில் குளிப்பதும் உதவும். சூட்டுக்கு வெந்நீரா என்று கேட்பீர்கள். தோலின் ரத்தநாளங்கள் விரிந்து உள்ளிருக்கும் வெப்பம் வெளியேற வழி கிடைக்கிறது, அதனால் படுக்கும் நேரத்தில் உடம்பு குளிர்ந்துவிடும். குளித்த கையோடு படுத்தால் பலன் இருக்காது.

கேள்வி: வயது 34. பீரியட்ஸுக்கு முன் தூக்கமே வருவதில்லை என்று சொன்னபோது, இரண்டு மாதம் குறித்துவைக்கச் சொன்னீர்கள். குறிப்புகளை அனுப்பியிருக்கிறேன். தூக்க மாத்திரை எழுதிக் கொடுக்க முடியுமா?

முதலில் குறிப்புகளை உங்களோடு சேர்ந்து படிக்கிறேன். உங்கள் சுழற்சி ஒரு மாதம் 27 நாள், அடுத்த மாதம் 31 நாள். முதல் நாளிலிருந்து எண்ணினால் மோசமான இரவுகள் முதல் மாதத்தில் 23ஆம் நாளும், அடுத்த மாதத்தில் 27ஆம் நாளும் தொடங்குகின்றன. ஒழுங்கே இல்லாதது போலத் தோன்றும். அடுத்த ரத்தப்போக்கிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: இரண்டு மாதமும் சரியாக ஐந்து நாள் முன்பு. சுழற்சியின் நீளம் பெரும்பாலும் முன்பாதியில்தான் மாறுகிறது. கருமுட்டை வெளிவந்த பிறகான பகுதி ஒருவருக்கு அதிகம் மாறுவதில்லை. ஆகவே எப்போதும் பின்னோக்கித்தான் எண்ண வேண்டும்.

இனி அந்த ஐந்து நாட்கள். மற்ற நாட்களில் 11 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறீர்கள். முதல் மோசமான இரவில் 3 மணிக்கு விழித்து, ஐந்தரை மணி நேரத் தூக்கத்தோடு எழுந்தீர்கள். இது ஹார்மோன் செய்தது. மறுநாள் மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கி, மாலை 5 மணிக்கு இரண்டாவது காபி குடித்து, ‘விட்டதைப் பிடிக்கலாம்’ என்று 9 மணிக்கே படுத்திருக்கிறீர்கள். பதினொன்றரை வரை புரண்டு, மறுபடி 3 மணிக்கு விழிப்பு, 7 மணி வரை படுக்கை. பத்து மணி நேரம் படுக்கையில், தூக்கம் ஐந்தே மணி நேரம். இரண்டாவது இரவைக் கெடுத்தது ஹார்மோன் மட்டும் இல்லை. முதல் இரவைச் சரிக்கட்ட நீங்கள் செய்தவையும் சேர்ந்துகொண்டன. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, களைத்த உடம்பு அப்படித்தான் செய்யச் சொல்லும்.

அதனால் மாத்திரைக்கு முன் இதைச் செய்து பாருங்கள். அந்த ஐந்து நாளும் எப்படித் தூங்கினாலும் 6 மணிக்கு எழுந்துவிடுங்கள். 11 மணிக்கு முன் படுக்க வேண்டாம். மதியம் தாங்க முடியாவிட்டால் 3 மணிக்கு முன் இருபது நிமிடம், அலாரம் வைத்து. காபி மதியத்தோடு நிற்கட்டும். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் நீளும். 3 மணி விழிப்பில் தூக்கம் திரும்பாது என்று பட்டால், கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள். 3 மணி விழிப்பு முழுதாக மறையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதன் பிறகு விழித்திருக்கும் நேரம்தான் குறைய வேண்டும், அதை மட்டும் குறித்துவாருங்கள். மூன்று சுழற்சிக்குப் பிறகும் அந்த நேரம் குறையாவிட்டால் மாத்திரை பற்றிப் பேசலாம். ஒரு எச்சரிக்கை: நாள்பட்ட மூச்சுக் கோளாறு, குறட்டையோடு மூச்சடைப்பு இருந்தாலோ, கருத்தரிக்க முயன்றுகொண்டிருந்தாலோ, நீங்களாக எந்தத் தூக்க மாத்திரையையும் வாங்க வேண்டாம்.

கேள்வி: முதல் இரண்டு நாள் வயிற்றுவலியில்தான் தூக்கம் போகிறது. வலி தாங்க முடியாதபோது மாத்திரை போடுகிறேன், பலனே இல்லை.

போடும் நேரம்தான் பிரச்சினை. கருப்பையை இறுக்கிப் பிடிக்கும் வேதிப்பொருள் உண்டாகிவிட்ட பிறகு மாத்திரையால் அதை அழிக்க முடியாது, மேலும் உண்டாகாமல் தடுக்கத்தான் முடியும். வலி தலைகாட்டும்போதே, உணவோடு, முதல் மாத்திரையை எடுங்கள். ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் ஆறு மணி நேரம் போலத்தான் தாங்கும். மாலை 6 மணிக்குப் போட்டால் நள்ளிரவில் விழிப்பு வரும், அதனால் ஒரு வேளை படுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 1200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் இழுக்கும் ஆஸ்துமா இருப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் இதைத் தொடக்கூடாது. வெந்நீர் ஒத்தடம் நன்றாகவே கேட்கும், ஆனால் மின்சார ஒத்தடப் பையோடு தூங்கிவிடாதீர்கள். தோல் வெந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

வலி வருடத்துக்கு வருடம் கூடினாலோ, பீரியட்ஸ் இல்லாத நாட்களிலும் வந்தாலோ, உறவின்போதும் மலம் கழிக்கும்போதும் வலித்தாலோ, பரிசோதனை தேவை.

கேள்வி: பீரியட்ஸ் முடிந்த பிறகும் தூக்கம் வருவதில்லை. படுத்தால் கால்களுக்குள் ஏதோ ஊர்கிறது, அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து நடந்தால் நிற்கிறது. ரத்தம் அதிகமாகப் போகும், இரவில் எழுந்து பேட் மாற்றுவேன். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்றார்கள்.

‘எந்த நாளில் சரியாகிறது’ என்ற கேள்வி இங்கேதான் கை கொடுக்கிறது. உங்களுக்கு ரத்தப்போக்கு தொடங்கியும் சரியாகவில்லை, முடிந்தும் சரியாகவில்லை. அப்படியானால் வேறு காரணம் தேட வேண்டும். நீங்கள் விவரிப்பது அமைதியற்ற கால் என்ற கோளாறைப் போல இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஹீமோகுளோபின் கடைசியில்தான் குறையும், சேமிப்பு அதற்கு வெகு முன்பே கரைந்துவிடும். அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அறிக்கையில் 20 அல்லது 30 இருந்தாலே ‘இயல்பு’ என்று அச்சாகியிருக்கக்கூடும். கால் தொந்தரவு உள்ளவர்களுக்கு 75க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். பலன் தெரியச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் ஆகலாம். கூடவே ரத்தம் ஏன் அதிகம் போகிறது என்று பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் கொடுப்பதெல்லாம் மாதாமாதம் வெளியேறிவிடும்.

தூக்கத்துக்காகச் சளி, ஒவ்வாமை மாத்திரை போடுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரைகள் இந்தக் கால் தொந்தரவைக் கூட்டும்.

கேள்வி: பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் தூக்கம் போவதோடு, வாழவே வேண்டாம் என்ற எண்ணமும் வருகிறது. ரத்தம் பட்டதும் அது மறைந்துவிடுவதால் யாரிடமும் சொன்னதில்லை.

மறைந்துவிடுகிறது என்பதற்காகக் காத்திருக்காதீர்கள். இது பீரியட்ஸுக்கு முன் வரும் மனநிலைக் கோளாறின் கடுமையான வடிவமாக இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. உறுதி செய்ய, இரண்டு சுழற்சிகள் தினமும் மனநிலையையும் தூக்கத்தையும் குறித்து வரச் சொல்வோம். ஆனால் அந்த எண்ணம் இருக்கும்போது குறிப்பு முடியும் வரை பொறுக்க வேண்டியதில்லை, இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். செரட்டோனின் சார்ந்த மனச்சோர்வு மருந்துகள் இதற்குச் சில நாட்களிலேயே வேலை செய்யும், சிலருக்குச் சுழற்சியின் பின்பாதியில் மட்டும் கொடுத்தாலே போதும். அவையே தூக்கத்தைக் கலைத்தால் காலையில் எடுக்கும்படி மாற்றிக்கொள்ளலாம். அந்த வாரத்தில் தனியாக இருக்க வேண்டாம், வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லிவிடுங்கள். எண்ணம் செயலாகும் அளவுக்கு வலுத்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: வயது 45. முன்பெல்லாம் நான்கு நாள் மட்டும் தூக்கம் போகும். இப்போது எந்த நாள் என்றே தெரியவில்லை, இரவில் வியர்த்துக் கொட்டுகிறது. பின்னோக்கி எண்ணினாலும் கணக்கு வரவில்லை.

இனி வராது. சுழற்சி ஏழு நாள், அதற்கும் மேல் முன்பின்னாகத் தொடங்கினால், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இனி நாட்களை எண்ணுவதைவிட, வியர்வை வந்த இரவுகளை மட்டும் குறித்துவையுங்கள். தூக்கம் போனதும் அதே இரவுகளில்தான் என்றால், வியர்வைக்குச் சிகிச்சை எடுத்தாலே தூக்கம் பெரும்பாலும் தேறும். ஹார்மோன் மருந்தும் உண்டு, ஹார்மோன் இல்லாத மருந்தும் உண்டு. வியர்க்காத இரவுகளிலும் தூக்கம் போனால், தைராய்டையும், குறட்டை இருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் அதுவும் கூடும்.