பில்லில் பேக்ஆர்டர், லீட் டைம்: பணம் எதற்குக் கட்டுவது?

"மன்னார்குடியில் பம்ப் சாமான் கடை. 20 இம்பெல்லர் கேட்டேன், 12 வந்தது. பில்லில் 'பேக்ஆர்டர் 8, லீட் டைம் 15 நாள்' என்று இருக்கிறது. எட்டுக்கும் இப்பவே பணம் கட்டணுமா?"

வேண்டாம், வந்த 12-க்கு மட்டும் கட்டுங்கள். பேக்ஆர்டர் என்றால், மீதி எட்டும் சரக்கு அனுப்புகிற எங்களிடம் இருப்பு இல்லாமல் நிற்கிறது, ஆனால் உங்கள் ஆர்டர் ரத்தாகவில்லை. சரக்கு வந்ததும் தனி பில்லோடு அனுப்புவோம்.

பில்லில் அளவு என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 12 இருந்து, ஜிஎஸ்டியும் அதற்கே போட்டிருந்தால் சரி. 20 என்று இருந்தால் தவறாக ஏறியிருக்கிறது. எட்டுக்கும் கிரெடிட் நோட் கேட்டு வாங்குங்கள்.

லீட் டைமில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். பெரும்பாலும் அந்த 15 நாள் சரக்கு எங்கள் குடோனை விட்டுக் கிளம்பும் வரைக்கும்தான், லாரி நாள் தனி. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது, ஞாயிறு சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டி குறுவைக்கு விற்கிற சரக்கென்றால், கடைக்கு வந்து சேரும் தேதியையே கேளுங்கள்.

அவசரத்துக்கு வேறிடத்தில் வாங்கினால், முதலில் இந்த எட்டையும் எழுத்தில் ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் வந்து இறங்கும். முன்பணம் கொடுத்திருந்தாலோ உங்களுக்கென்றே வரவழைத்த சைஸாக இருந்தாலோ ரத்து செய்ய முடியாமல் போகலாம்.