இலைக் கணக்கு முதலில், கடன் கணக்கு பிறகு

கேள்வி: தை மாதம் மகளுக்குத் திருமணம். நகை முன்பே வாங்கியாயிற்று. 900 பேருக்கு வரவேற்பு விருந்து உட்பட 12 லட்சம் செலவாகும்; கையில் ஆறரை லட்சம் இருக்கிறது. மீதியை 14 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகத் தர வங்கி தயார். மொய்யில் அடைத்துவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள். சம்பளம் 48,000, வீட்டுச் செலவும் வண்டித் தவணையும் போக 14,000 மிஞ்சும். நான்கு ஆண்டுகளில் ஓய்வு. வாங்கலாமா?
— ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: ஐந்தரை லட்சம் வாங்காதீர்கள். மாதத் தவணை ஏறக்குறைய 12,800 ரூபாய் ஆகும். அதன் கடைசி ஓராண்டை நீங்கள் சம்பளமில்லாமல் கட்ட வேண்டியிருக்கும். வட்டி மட்டுமே இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

உங்கள் பட்டியலில் மற்றவற்றையெல்லாம் நிர்ணயிப்பது இலை எண்ணிக்கைதான். சாப்பாடும் தாம்பூலப் பையும் சேர்த்துத் தலைக்கு 350 ரூபாய் என்று வைத்தால், வரவேற்புக்கு 900 பேருக்குப் பதில் 500 பேரை அழைப்பதில் 1,40,000 ரூபாய் மிச்சமாகும். கூட்டம் குறைந்தால் சிறிய மண்டபம் போதும் என்பதால், வாடகையிலும் மேடை அலங்காரத்திலும் இன்னும் 1,10,000 குறைய வழியுண்டு. ஆனால் இந்த முடிவை மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே எடுக்க வேண்டும். பெரிய மண்டபத்தைப் பிடித்துவிட்டால், அது காலியாகத் தெரியக் கூடாது என்பதற்காகவே பத்திரிகைகள் கூடும். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கும் வெள்ளிச் சாமான்களில் கைவைக்கச் சொல்லமாட்டேன். அங்கே குறைப்பதால் மிஞ்சுவது சொற்பம், மனத்தாங்கலோ பெரிது.

இப்போது பற்றாக்குறை மூன்று லட்சம். மிஞ்சும் 14,000 முழுவதும் தவணைக்கு என்று எண்ணிவிடாதீர்கள். தலை ஆடி, தலை தீபாவளி, பொங்கல் சீர் என்று முதல் ஆண்டிலேயே பெண் வீட்டுச் செலவுகள் வரிசையாக வரும். அவற்றுக்கென மாதம் 3,500 ஒதுக்கினால் தவணைக்கு நிற்பது 10,500. அதே 14 சதவீதத்தில் மூன்று லட்சத்துக்கு மூன்றாண்டுத் தவணை சுமார் 10,250. வட்டி 70,000-க்குள் அடங்கும். ஓய்வுக்கு ஓராண்டு முன்பே கடன் முடிந்துவிடும். இதற்கு மேல் ஒரு ரூபாய்கூட உங்களுக்குத் தாங்காது.

'மாதம் ஒரு ரூபாய் வட்டிதான், வருடத்துக்கு 12 சதவீதம்' என்று பைனான்ஸ்காரர் எவரேனும் சொன்னால், அந்த வட்டி குறைந்துவரும் அசலுக்கா, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கா என்று கேளுங்கள். முழுத் தொகைக்கென்றால் இதே மூன்று லட்சத்துக்குத் தவணை 11,333 ஆகும். வங்கிக் கணக்கில் சொன்னால் அது ஏறக்குறைய 21 சதவீதம்.

மொய்யைத் திட்டத்தில் வரவாக எழுதவே வேண்டாம். மண்டபக்காரருக்கும் சமையல்காரருக்கும் பணம் கொடுத்தாக வேண்டிய நாளில் அது உங்கள் கையில் இருக்காது. தவிர, அதில் பெரும்பகுதி நீங்கள் பிறர் வீட்டு விசேஷங்களில் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். வந்தால் கடனின் அசலில் கட்டுங்கள். அதற்கு வங்கி அபராதக் கட்டணம் கேட்குமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.