25 வருடச் சேவைக்குக் கைக்கடிகாரமா, பணமா?

"இங்கிலாந்தில் ஒரே கம்பெனியில் 25 வருடம் முடிக்கிறேன். கைக்கடிகாரமோ 1,250 பவுண்ட் பணமோ தருகிறார்களாம். வரி உண்டா?"

கடிகாரத்தை வாங்குங்கள். 20 வருடத்துக்குக் குறையாத சேவைக்குப் பொருளாகத் தந்தால், வருடத்துக்கு 50 பவுண்ட் வீதம் வரிவிலக்கு. உங்களுக்கு அது சரியாக 1,250. கடிகாரம் 1,400 பவுண்ட் என்றால், கூடுதலான 150க்கு மட்டும் வரி.

பணமாக வாங்கினால் அது சம்பளம்தான். 20 சதவீத வரியும் 8 சதவீத தேசியக் காப்பீடும் கட்டுபவருக்கு 900தான் மிஞ்சும். ஐந்து, பத்து வருடத்துக்குத் தரும் லாயல்டி போனஸும் அப்படியே.

ஒன்றை மட்டும் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். கடந்த பத்து வருடத்தில் இதே மாதிரி சேவைப் பரிசு தந்தார்களா? 20ஆம் வருடத்தில் வாங்கியிருந்தால், இந்தக் கடிகாரத்துக்கு விலக்கே கிடையாது. நிறையப் பேர் மாட்டுவது இங்கேதான்.