பால் வற்றவைத்தலும் வற்றுக்காலத் தீவனமும்: செபராங் பிறை மாட்டுக்காரர்களுக்குப் பதில்கள்

நிபோங் தெபால் தம்பி: அண்ணா, என் பிரீசியன் கலப்பு மாட்டுக்குப் போன ஜூன் 10ஆம் தேதி சினை ஊசி போட்டது. மூன்றாவது ஈற்று. இப்போது 14 லிட்டர் கறக்கிறது. பால்குடத்துக்குப் பால் கேட்கிறார்கள். பிப்ரவரி 1 தைப்பூசம் முடிந்த பிறகு வற்றவைத்தால் ஆகாதா?

முதலில் நாளை எண்ணிப் பார்த்துவிடுவோம், தம்பி. ஜூன் 10இலிருந்து 280 நாள் என்றால் மார்ச் 17. இரண்டு மாத ஓய்வு வேண்டுமென்றால் ஜனவரி 16ஆம் தேதியே கடைசிக் கறவை. பூசத்தன்று நிறுத்தினால் 44 நாள்தான் மிஞ்சும். மூன்றாம் ஈற்று மாடு, உடம்பும் நன்றாக இருக்கிறது என்றால் 44 நாளில் ஒப்பேற்றலாம். முதல் ஈற்றுக் கறவையாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் 280 என்பது சராசரிக் கணக்கு. கன்று பத்து நாள் முந்தி வந்துவிட்டால் ஓய்வு 34 நாளாகச் சுருங்கும். மடியின் பழைய திசு உதிர்ந்து புதியது வளர அது போதாது, அடுத்த ஈற்றில் பால் குறையும்.

நீங்கள் எண்ணாமல் விட்டது இன்னொன்றும் இருக்கிறது. 14 லிட்டர் கறக்கும் மாட்டை ஒரே நாளில் நிறுத்தினால் மடி தாங்காது. ஒரு வாரம் முன்பே அடர்தீவனத்தையும் தௌஹூ சக்கையையும் நிறுத்திப் புல்லும் வைக்கோலும் மட்டும் கொடுத்து, கடைசி மூன்று நான்கு நாள் ஒருவேளை மட்டும் கறந்து, பாலை ஏழெட்டு லிட்டருக்கு இறக்கிய பிறகே நிறுத்த வேண்டும். ஆக, பூசத்தன்று நிறுத்தத் திட்டமிட்டால் பால்குடக்காரர்கள் வந்து நிற்கும் நாளில் உங்கள் வாளியில் பாதிப் பால்தான் இருக்கும். பூசம் வரை முழுத் தீவனம் போட்டுவிட்டுப் பிறகு இறக்கத் தொடங்கினாலோ ஓய்வு 37 நாளாகிவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜனவரி 16ஐ விடமாட்டேன்.

கடைசிக் கறவையில் மடியை முழுக்கக் கறந்து, ஒவ்வொரு காம்பின் நுனியையும் ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, வற்றுக்கால மருந்துக் குழாயைக் காம்புக்கு ஒன்றாகச் செலுத்தி, பிறகு காம்புகளை மருந்தில் முக்க வேண்டும். குழாயின் முனை சிறிது நுழைந்தாலே போதும். ஆழமாகக் குத்தினால் அழுக்கையும் சேர்த்தே உள்ளே தள்ளுவீர்கள். ஓய்வைச் சுருக்குகிறவர்கள் மருந்து அட்டையில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச நாளைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். நாள் போதாவிட்டால் ஈன்ற பிறகும் மருந்து பாலில் இறங்கும். அதன் பிறகு மடியைத் தொடாதீர்கள்.

சுங்கை பாக்காப் அக்காள்: வற்றவைக்கும்போது இரண்டு நாள் தண்ணீர் காட்டக் கூடாது என்று என் மாமியார் சொல்கிறார். சரியா?

சரியில்லை, அக்கா. நம் வெயிலில் சினை மாட்டுக்குத் தண்ணீரை நிறுத்துவது கொடுமை, ஆபத்தும்கூட. குறைக்க வேண்டியது அடர்தீவனத்தை.

புக்கிட் மெர்தாஜாம் தம்பி: நிறுத்தி மூன்றாம் நாள் ஆகிறது. மடி கல் மாதிரி இருக்கிறது, மாடு காலை அகட்டி நடக்கிறது. கொஞ்சம் கறந்து விடலாமா?

கறக்காதீர்கள். மடியில் தேங்கும் அழுத்தம்தான் சுரப்பை நிறுத்துகிறது. கறந்தால் மறுபடி சுரக்கச் சொன்னதாகும். காம்பின் துளையில் மெழுகுபோல ஓர் அடைப்பு உருவாகிக்கொண்டிருக்கும். ஒருமுறை பீய்ச்சினால் அது கழன்றுவிடும், மருந்தும் வெளியேறிவிடும்.

நானே செய்த தவறு இது. பல ஆண்டுகளுக்கு முன் என் மாடு நான்காம் நாள் முனகியதைக் கேட்டு மனம் தாளாமல் இடது பின்காம்பில் மட்டும் ஒரு குவளை கறந்தேன். ஆறாம் நாள் காலையில் அந்தக் கால்பாகம் மட்டும் சிவந்து, கையை வைத்தால் சுட்டது. பீய்ச்சியதில் தயிர்த்திப்பிபோல வந்தது. வைத்தியம் பார்த்தும் அடுத்த ஈற்றில் அந்தக் காம்பு சரியாகச் சுரக்கவில்லை.

நான்கு பாகமும் ஒரே சீராக வீங்கி, மாடு தின்றுகொண்டிருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் தானாகச் சுருங்கும். ஒரு பாகம் மட்டும் சூடாகி, தொட்டால் உதைத்து, தீவனத்தை விட்டால் அது மடிநோய். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கெப்பாலா பத்தாஸ் அம்மா: வற்றிய மாட்டுக்குப் பி.கே.சி. என்கிற செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு எவ்வளவு போடுவது? சினை மாடு என்று நான் கறவைக்குப் போடுவதையே போடுகிறேன்.

அப்படியானால் கொழுத்திருக்கும், அம்மா. கொழுத்த மாடு ஈன்ற பின் தின்னாமல் நின்று தன் கொழுப்பையே கரைத்து நோயில் விழும். 450 கிலோ மாட்டுக்கு முதல் ஐந்து வாரம் நறுக்கிய நேப்பியர் 35 கிலோ அளவும், வைக்கோல் 2 கிலோவும், பி.கே.சி. ஒரு கிலோவும் போதும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கையால் அழுத்தினால் தட்டுப்பட வேண்டும். மெலிந்திருந்தால் சற்றுக் கூட்டுங்கள். கடைசி மூன்று வாரத்தில் சிறிது சிறிதாக ஏற்றி இரண்டு, இரண்டரை கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். வயிறு ஈன்ற பிறகு வரும் தீவனத்துக்குப் பழகிக்கொள்ளும். தௌஹூ சக்கை நம் வெப்பத்தில் ஒரே நாளில் புளித்துவிடும். புளித்ததைச் சினை மாட்டுக்குக் காட்டாதீர்கள்.

எஸ்டேட் பெரியவர்: தம்பி ஒன்றை விட்டுவிட்டார். ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே கால்சியம் மருந்து ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஈன்ற பிறகு மாடு படுத்துவிடும்.

படுத்துவிடும் என்று நீங்கள் அஞ்சுவது நியாயம்தான், ஐயா. மருந்தில்தான் உடன்பட முடியவில்லை. ஈன்ற அன்று சீம்பாலுக்காக மாட்டின் இரத்தத்திலிருந்து கால்சியம் திடீரென்று இறங்குகிறது. எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும் வேலையை உடம்பு முன்பே பழகியிருக்க வேண்டும். ஒரு மாதம் தாராளமாக ஊற்றினால் அந்த வேலை தூங்கிவிடுகிறது. தேவைப்படும் நாளில் எழ இரண்டு மூன்று நாளாகிறது. அதற்குள் காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்து மாடு படுத்துவிடும். சாணக் கரைசல் ஊற்றி வளர்த்த நேப்பியரில் பொட்டாசியம் மிகுதி. அதுவும் இந்த வேலையைக் கெடுக்கும். கடைசி மூன்று வாரத்துக்குக் கரைசல் படாத பாத்தியின் புல்லை அறுங்கள்.

எஸ்டேட் பெரியவர்: முப்பது வருடம் ஊற்றினேன். ஒரு மாடுகூடப் படுக்கவில்லை.

உங்கள் மாடுகள் எத்தனை லிட்டர் கறந்தன, ஐயா?

எஸ்டேட் பெரியவர்: நாட்டு மாடு. நாலு லிட்டர், ஐந்து லிட்டர்.

நாலு லிட்டர் மாடு ஊற்றினாலும் படுக்காது, ஊற்றாவிட்டாலும் படுக்காது. 15 லிட்டர் கலப்பு மாட்டை, அதுவும் மூன்றாம் ஈற்றுக்கு மேல், இந்த முறையில் வைத்துப் பார்க்காதீர்கள்.

சுங்கை பாக்காப் அண்ணன்: பெரியவர் சொன்னதிலும் உண்மை உண்டு. ஈன்ற உடனே கால்சியம் கொடுத்து என் மாடு தப்பியது.

ஈன்ற பிறகு கொடுப்பது வேறு, அண்ணே. அதை நான் மறுக்கவில்லை. படுத்துவிட்ட மாட்டுக்கு மருத்துவர் கால்சியத்தை இரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றுவதே வைத்தியம். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் நீங்களே முயலாதீர்கள்.

எஸ்டேட் பெரியவர்: அனுபவம் அனுபவம்தான், தம்பி.

பட்டர்வொர்த் தம்பி: அண்ணா, ஈன்று இரண்டு மாதத்தில் என் மாடு வற்றிப்போனது. திரும்பச் சுரக்க என்ன கொடுக்கலாம்?

இங்கே நாம் வேண்டுமென்றே வற்றவைப்பதைப் பேசுகிறோம். உங்கள் மாட்டை மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஜாவி தங்கை: நிறுத்தி இரண்டு நாள், மடி வீங்கியிருக்கிறது. கறக்கலாமா?

மேலே புக்கிட் மெர்தாஜாம் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். தொடாதீர்கள்.

நிபோங் தெபால் தம்பி: அண்ணா, ஜனவரி 16க்கே நிறுத்துகிறேன். ஈனுவதற்குப் பத்து நாள் முன் மடி மறுபடி இறங்கினால் அப்போதாவது கறக்கலாமா?

அது சீம்பால், தம்பி. கன்று முதல் சில மணி நேரத்தில் குடிக்க வேண்டிய நோயெதிர்ப்பு அதில் சேர்ந்துகொண்டிருக்கிறது. பால் தானாகவே ஒழுகினால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.