துட்டி வீடாக்காதீர்கள்

அன்புள்ள அம்மா, என் தங்கையை ஏரல் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர். கட்டில், பீரோ, கிரைண்டர், பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. பொங்கலுக்கு அவளை எப்படி வாழ்த்துவது என்று தெரியவில்லை. 'பழையன கழிந்து புதியன புகட்டும், இல்லமெங்கும் இன்பம் பொங்கட்டும்' என்று ஒரு வாழ்த்து அட்டை வாட்ஸ்அப்பில் வந்தது. அதை அனுப்பலாமா என்று பார்த்தேன், மனம் வரவில்லை. அவர்கள் கொண்டாடும் நிலையில் இல்லை என்பதால் வருடந்தோறும் கொடுக்கும் பொங்கல்படியையும் இந்த முறை நிறுத்திவைத்திருக்கிறேன். நம்பிக்கை தரும்படி நாலு வரி எழுதிக் கொடுங்கள்.
— ஓர் அண்ணன், கோயம்புத்தூர்

தம்பி, அந்த அட்டையை அனுப்பாமல் விட்டது சரி. பழையது எல்லாம் ஒரே இரவில் கழிந்துபோன வீட்டுக்கு அந்த வரி ஆகாது. அதற்குமேல் அட்டையைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. படியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

படியை நிறுத்தச் சொன்னது யார்? தங்கை சொன்னாளா? மச்சான் சொன்னாரா? நீங்களே கோயம்புத்தூரில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு, அதைப் போகிற போக்கில் ஒரு வரியாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் பிறந்த வீட்டுப் பொங்கல்படி எப்போது நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? துட்டி விழுந்த வீட்டுக்குத்தான் அந்த வருடம் பொங்கல் இல்லை, படியும் இல்லை. உங்கள் தங்கை வீட்டில் யாரும் சாகவில்லை. வீடு நனைந்திருக்கிறது, சாமான்கள் போயிருக்கின்றன, ஆட்கள் அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த வீட்டைத்தான் நீங்கள் துட்டி வீடாக்கியிருக்கிறீர்கள்.

இரக்கப்பட்டுத்தான் செய்தீர்கள், தெரியும். ஆனால் அந்தத் தெருவில் அது எப்படித் தெரியும் என்று யோசித்தீர்களா? படி வருகிறதா, யார் கொண்டுவருகிறார்கள் என்று எதிர்வீடு பார்க்கும், மாமியார் பார்ப்பார். எல்லா வருடமும் வந்து, ஒன்றுமில்லாமல் நிற்கிற இந்த வருடம் மட்டும் வரவில்லை என்றால், அண்ணன் சங்கடப்பட்டு நிறுத்தினான் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தண்ணீரோடு அவள் பிறந்த வீடும் போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவளும் உங்களிடம் கேட்க மாட்டாள். வாய்விட்டுக் கேட்டால் அது படி ஆகாது.

1992 நவம்பரில் தாமிரபரணி பெருகியபோது எங்கள் வீட்டில் பின்சுவர் விழுந்தது. தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு வெண்கலப் பானை, அதற்குள்ளேயே பச்சரிசியும் கருப்பட்டியும். தோளில் ஒரு கட்டு காய்ந்த பனையோலை. அம்மா பானையைப் பார்த்துக்கூட அழவில்லை, ஓலையைப் பார்த்ததும் அழுதாள். ஊரில் விறகு, ஓலை, வறட்டி எல்லாம் ஊறிக் கிடந்தன. பொங்கலுக்கு அடுப்பு எரியாது என்ற கவலையை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மாமா ஆறுதல் என்று ஒரு சொல் பேசவில்லை. "எந்தச் சுவர் நிற்கிறது?" என்று மட்டும் கேட்டார். வீட்டைச் சுற்றிவந்து, வாசல் பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுப்புக்கட்டிகளை அதன் எதிரே வைக்கச் சொன்னார். "இப்போது வெள்ளையடிக்காதே, ஈரம் இருக்கிறது. வெயில் ஏறட்டும், சித்திரையில் சுண்ணாம்போடு வருகிறேன்" என்றார். சித்திரையில் வந்தார். அந்த மூன்று மாதமும் அம்மா அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

நீங்கள் கேட்கிற நம்பிக்கை அந்தச் சித்திரையில்தான் இருந்தது. 'எல்லாம் சரியாகிவிடும்' என்பதில் சொல்கிறவரும் இல்லை, நாளும் இல்லை. யார் சரிசெய்வது, எப்போது? 'பொருள் போனால் என்ன, உயிர் பிழைத்ததே' என்பது அவள் சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை. பொருளை இழக்காத உங்கள் வாயில் அது வரக் கூடாது.

அதனால் நாலு வரியை எழுதி அனுப்ப வேண்டாம், தொலைபேசியில் சொல்லுங்கள்: "போகியன்று நான் வருகிறேன். படி கொண்டுவருகிறேன். வாசலில் அடுப்பு எங்கே வைப்பது என்று பார்த்து வை. சுவர் காய்ந்த பிறகு வெள்ளையடிக்க மறுபடி வருவேன்." அடுத்து மச்சானிடம் தனியாகப் பேசுங்கள். அவரைக் கேட்காமல் அவர் வீட்டு வெள்ளையடிப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவருக்குக் குறைவாகப் படும். "மச்சான், சுண்ணாம்பு என் பொறுப்பு, ஆளை நீங்கள் பாருங்கள்" என்று சொன்னால் போதும்.

சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள். லீவு கிடைக்குமா என்று தெரியாவிட்டால் சித்திரை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அந்த வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, செய்கிறோம் என்று சொல்லிப் போனவர்கள் இந்த ஒரு மாதத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

படியில் இந்த முறை புடவை வேண்டாம். வைக்கப் பீரோ இல்லை. ஒரு பானை, அரிசி, வெல்லம், ஒரு சோடிக் கரும்பு, மஞ்சள் குலை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய பக்கம் அது. அங்கே காய்ந்த ஓலை அகப்படும் என்று நம்பிப் போகாதீர்கள், மழை குறைவாகப் பெய்த ஊரில் வழியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு என்ன வகுப்பு, எந்தப் புத்தகம் போயிற்று என்று முன்னாலேயே கேட்டு வாங்கிப் போங்கள். இந்த வெள்ளத்துக்கு அரசு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருக்கிறது, இந்த 2024 பொங்கலுக்கு ரேஷன் கடையில் ஒரு கிலோ பச்சரிசியும் சர்க்கரையும் முழுக்கரும்பும் 1,000 ரூபாயும் உண்டு. அதுதான் கிடைக்கிறதே என்று உங்கள் கணக்கில் கழித்துவிடாதீர்கள். அது குடும்ப அட்டைக்கு வருவது, இது அண்ணனிடமிருந்து வருவது.

பொங்கலுக்கு வெள்ளையடித்தே ஆக வேண்டும் என்று தங்கை பிடிவாதம் பிடிப்பாள், ஊர் வழக்கம் அது. ஈரச் சுவரில் அடித்த வெள்ளை உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும், கூலியும் சுண்ணாம்பும் வீண். ஒரு முழ அகல பிளாஸ்டிக் தாளைச் சுவரோடு ஒட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் குடித்த தண்ணீரை விடவில்லை. இந்த வருடம் வாசலில் கோலமும் காவியும் போதும்.

அன்று காலையில் செல்போனைப் பையில் வையுங்கள். ஈரச் சுவர் முன்னால் நின்று சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்காதீர்கள். பால் பொங்கும்போது 'பொங்கலோ பொங்கல்' என்று நீங்கள் தொடங்க வேண்டாம். பிள்ளைகள் கூவினால் கூடச் சேருங்கள். யாரும் கூவவில்லை என்றால் இன்னொரு ஓலையை அடுப்பில் தள்ளிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள்.

15ஆம் தேதி பொங்கல். டிக்கெட் போட்டுவிட்டு இன்றைக்கே தங்கைக்குப் பேசுங்கள்.