அட்டையில் இரண்டு தேதி

கேள்வி: என் அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறார். வரும் ஐப்பசியில் 60 முடிகிறது. தையல் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறது. பென்ஷனுக்கு எழுதிப் போடுங்கள் என்றால், "60 முடியட்டும், பார்த்துக்கிடலாம்" என்கிறார். மாதம் 1,200 ரூபாய்க்கு இவ்வளவு அலைய வேண்டுமா என்றும் கேட்கிறார். எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

பதில்: உங்கள் அப்பா சொல்வதையே எனக்குச் சட்டை தைக்கும் டெய்லர் அண்ணாச்சியும் சொன்னார். வீரவநல்லூரில் கடை. 2024 தீபாவளிக்கு முன்னால் துணி கொடுக்கப் போனபோது, "உங்களுக்கு 60 நெருங்குதே, வாரிய அட்டை என்ன நிலையில இருக்கு?" என்று கேட்டேன். கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசியுமாக இருந்தவர் ஊசியை எடுத்துவிட்டு, "தீவாளி முடியட்டும் சார்வாள்" என்றார். தீபாவளி முடிந்தது. பொங்கல் முடியட்டும் என்றார். பொங்கல் முடிந்ததும் தை முகூர்த்தம் வந்துவிட்டது. மாப்பிள்ளைச் சட்டை இருக்கும்போது டெய்லரிடம் பென்ஷன் பேச முடியுமா?

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை. ஒரு பேண்ட்டை ஆல்டர் செய்யப் போனவன், அட்டையைக் காட்டாமல் போகமாட்டேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மெஷின் டிராயரை இழுத்தார். பாபின், உடைந்த சாக்பீஸ், காஜா நூல்கண்டு எல்லாவற்றுக்கும் அடியில் அட்டை கிடந்தது. லேமினேஷன் ஓரம் பிரிந்து மெஷின் எண்ணெய் உள்ளே இறங்கியிருந்தது. துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பிறந்த தேதி 09-06-1965. அதற்குக் கீழே, பதிவு செல்லுபடியாகும் நாள் 19-03-2025.

கதையே இந்த இரண்டு தேதிகளில்தான் இருக்கிறது. அண்ணாச்சி மனதில் இருந்த கெடு ஜூன் 9. அன்றைக்குத்தான் 60 முடிகிறது, அதற்குப் பிறகு எழுதிப் போட்டால் போதும் என்பது அவர் கணக்கு. ஆனால் வாரியப் பதிவு ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் ஓடுவதில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 60 முடியும் நாளில் பதிவு உயிரோடு இருந்தால்தான் அதன் பேரில் ஓய்வூதியம் கேட்க முடியும். மார்ச் 19-ஐத் தவறவிட்டிருந்தால் ஜூன் 9 அன்று அவர் கையில் இருப்பது காலாவதியான அட்டை. ஆக உண்மையான கெடு 60-வது பிறந்தநாள் இல்லை, அதற்கு முன்னால் வரும் புதுப்பிப்பு நாள். அன்றைக்கு எண்ணினால் மிச்சம் 32 நாள்.

32 நாள் தாராளம் என்றுதான் நானும் நினைத்தேன். திங்கட்கிழமை இ-சேவை மையத்தில் உட்கார்ந்தபோதுதான் ஆதாரைக் கேட்டார்கள். ஆதாரில் பிறந்த தேதி 01-01-1965! அந்த நாளில் சரியான தேதி கையில் இல்லாமல் போய், ஆண்டை மட்டும் சொல்லி ஆதார் எடுத்தவர்கள் பலருக்கும் இப்படித்தான் ஜனவரி 1 என்று விழுந்திருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேர் புத்தாண்டில் பிறந்தவர்கள். மற்ற நேரத்தில் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இங்கே சிரிக்க முடியாது. அட்டைப்படி அவருக்கு 59, ஆதார்படி ஜனவரியிலேயே 60 முடிந்துவிட்டது. 60 தாண்டியவருக்கு எதைப் புதுப்பிப்பது?

கடைக்கு வந்த ஒருவர், "ஆதார்ல 60 ஆயிட்டுல்லா, அதையே வச்சு இப்பவே பென்ஷன் கேளும்" என்று யோசனை சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். வாரியத்தின் பதிவேட்டில் ஒரு தேதி, ஆதாரில் வேறு தேதி என்று இருந்தால் விண்ணப்பம் ஆய்வில் நின்றுவிடும். அது நிற்கிற நேரத்தில் மார்ச் 19 போய்விடும். தவிர, பொய்யான தேதி என்று தெரிந்தே அதில் பணம் கேட்பது சரியில்லை.

ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒருமுறைதான் திருத்தலாம். அதனால் கையில் வலுவான சான்று இல்லாமல் போய் உட்காரக் கூடாது. அண்ணாச்சி பத்தாம் வகுப்பு பெயில். அதை வெட்கப்பட்டு மறைத்தே வைத்திருந்தார். பெயிலானால் என்ன, மதிப்பெண் சான்றில் பிறந்த தேதி இருக்குமே! பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் அண்ணி தேடி எடுத்தார். 09-06-1965 என்று தெளிவாக இருந்தது. கணக்கில் வாங்கிய 19 மார்க்கும் தெளிவாகத்தான் இருந்தது, அதை விடுங்கள். அதைக் கொண்டு ஆதார் மையத்தில் திருத்தம் கொடுத்தோம். திருத்தம் ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்தது மார்ச் 11 அன்று. மூன்று வாரம் அதிலேயே போய்விட்டது.

அந்த மூன்று வாரத்தில் அண்ணாச்சியை நம்பி நான் சும்மா இருக்கவில்லை. அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம்: தோள், மார்பு, கை, நீளம், மேலே துணியின் ஒரு துண்டு குத்தியிருக்கும், கீழே டெலிவரி தேதி. அந்தத் தேதி தவறினால் ஊரில் பேர் கெட்டுவிடும் என்று ராத்திரி இரண்டு மணி வரை மிதிப்பார். அந்த நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து அவர் பேரையே எழுதினேன். அளவு எழுதும் இடத்தில் புதுப்பிப்பு, பணிச் சான்று, பாஸ்புக் நகல். டெலிவரி: 17 மார்ச். பார்த்துவிட்டு, "19 தானே?" என்றார். "நீங்க கஸ்டமர்ட்ட ரெண்டு நாள் முன்னாடி சொல்ல மாட்டீங்களா?" என்றேன்.

பணிச் சான்று என்பது அவர் இன்னமும் தையல் வேலைதான் செய்கிறார் என்று உறுதிசெய்யும் தாள். வி.ஏ.ஓ.விடம் கையெழுத்து வாங்க இரண்டு நடை ஆனது. பாஸ்புக்கில் இன்னொரு கண்ணி. அவர் கணக்கு சிண்டிகேட் வங்கிக் காலத்தது. அந்த வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்துவிட்டது. பழைய பாஸ்புக்கில் ஐஎஃப்எஸ்சி எண் SYNB என்று தொடங்கும். அது 2021 ஜூலை முதல் செல்லாது, இப்போது CNRB. பழைய எண்ணையே அடித்துவிட்டாலும் விண்ணப்பம் பதிவாகிவிடும், அன்றைக்கு எதுவும் தெரியாது. பணம் வர வேண்டிய நாளில்தான் தெரியும். புதுப் பாஸ்புக் வாங்கி அந்த முதல் பக்கத்தை ஏற்றினோம்.

மார்ச் 17 திங்கள் மாலை, வாரியத்தின் tnuwwb.tn.gov.in தளத்தில் புதுப்பிப்பு விண்ணப்பம் பதிவானது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால். விண்ணப்ப எண்ணை அண்ணாச்சி அதே நோட்டுப் பக்கத்தில் சாக்பீஸால் எழுதப் போனார். பேனாவைக் கொடுத்தேன். ஜூன் 9 கழிந்த வாரம் ஓய்வூதிய விண்ணப்பம் போட்டோம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் நெருக்கடி உச்சத்தில் இருந்தது. இந்த முறை அவரே கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

இனி உங்கள் அப்பா கேட்ட 1,200 ரூபாய்க்கு வருகிறேன். வருடத்துக்கு 14,400 ரூபாய். இதே தொகை வட்டியாக வர வேண்டுமென்றால், 7 சதவீத வட்டியில் சுமார் 2 லட்சத்து 6 ஆயிரம் ரூபாய் வங்கியில் போட்டு வைக்க வேண்டும். கடையை நடத்திக்கொண்டே அந்தப் பணத்தைச் சேர்க்க அவருக்கு எத்தனை தீபாவளி ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். நான்கைந்து நடை அலைச்சலுக்கு இது மோசமான கூலி இல்லை. தாமதமாகக் கேட்டாலும் பழைய மாதங்களுக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம். போன மாதங்கள் போனவை என்றே கணக்குப் போடுங்கள்.

"இது இல்லாட்டி முதியோர் உதவித்தொகை இருக்கே" என்றும் சிலர் சொல்வார்கள். தொகை ஒன்றுதான். ஆனால் அது ஆதரவு இல்லாதவர்களுக்கான திட்டம். சம்பாதிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது கிடைப்பது சிரமம். வாரிய ஓய்வூதியமோ அவர் தொழில் செய்து பதிவு வைத்திருந்ததற்காக வருவது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் இன்று ராத்திரி செய்ய வேண்டியது ஒன்று. அப்பாவின் அட்டையை எடுத்து, பதிவு எந்த நாள் வரை என்று பாருங்கள். அந்த நாள் ஐப்பசிக்கு முன்னால் வருகிறது என்றால், உங்கள் கெடு ஐப்பசி இல்லை, அந்த நாள்தான். ஐப்பசிக்குப் பின்னால் என்றால் மூச்சு விடலாம். ஆனாலும் அட்டையில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். "சுப்பிரமணியன்" ஒன்றிலும் "சுப்ரமணி" ஒன்றிலும் இருந்தாலும் அதே வம்புதான். அட்டையில் கொடுத்த செல்போன் எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண்ணுக்குக் குறுஞ்செய்தி போய்க்கொண்டிருந்தால், விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டதே உங்களுக்குத் தெரியாது. அதனால் விண்ணப்ப எண்ணை வைத்து வாரம் ஒருமுறை தளத்தில் நிலையைப் பாருங்கள்.

அட்டை ஏற்கெனவே காலாவதியாகியிருந்தால் இ-சேவை மையத்தில் நேரத்தைப் போக்காதீர்கள். பழைய அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நான்கையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் உதவி ஆணையரின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்துக்கு அப்பாவோடு நேரில் போங்கள். அதுவும் 60 முடிவதற்கு முன்னால். அப்பாவைக் கடையிலிருந்து கிளப்புவது எப்படி என்றால், எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அவருடைய அளவு நோட்டில் ஒரு பக்கம் வாங்குங்கள்.

அண்ணாச்சிக்கு முதல் 1,200 செப்டம்பரில் ஏறியது. வருடாவருடம் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நோட்டில் அவர் பக்கத்தில், பழைய டெலிவரி தேதியை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டார். போன வாரம் போனபோது அந்தப் பக்கத்தின் மேலே ஒரு துண்டுத் துணியும் குத்தியிருந்தது. என்ன துணி என்று கேட்டேன். முதல் பென்ஷன் பணத்தில் தனக்கே எடுத்த சட்டைத் துணியாம். இன்னும் தைக்கவில்லை.