பிபிடி கையில் இருக்கிறது. வெப்சைட்டுக்கு கன்டென்ட் எழுதுவது எப்படி?

"கீழவாசல் பக்கம் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறோம். வெளியூர் கடைக்காரர்களுக்குக் காட்ட 22 ஸ்லைடில் ஒரு பிபிடி வைத்திருக்கிறோம். வெப்சைட் செய்து தருபவர், 'மெனு, தலைப்பு, கன்டென்ட் எல்லாம் நீங்களே எழுதிக் கொடுங்க' என்கிறார். ஸ்லைடுக்கு ஒரு பக்கமாக அப்படியே போட்டுவிடலாமா? எங்கிருந்து தொடங்குவது?" – வாசகி, மதுரை

அப்படிப் போட வேண்டாம். பிபிடியை ஓட்டும்போது பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். முதல் ஸ்லைடிலிருந்து கடைசி வரை உங்கள் வரிசையில்தான் எதிராளி பார்க்கிறார், புரியாததை உங்களிடமே கேட்டுக்கொள்கிறார். வெப்சைட்டுக்கு வருபவர் கூகுளில் எதையோ தேடி நேராக நடுப் பக்கம் ஒன்றில் வந்து இறங்குவார். முந்தைய பக்கத்தை அவர் பார்த்திருக்க மாட்டார், விளக்கிச் சொல்ல ஆளும் கிடையாது. ஆகவே உங்களுக்கு வேலை இரண்டு: ஸ்லைடு வரிசையைக் கலைத்து வருபவரின் கேள்விப்படி அடுக்குவது, ஸ்லைடில் இல்லாமல் உங்கள் வாய்ப்பேச்சில் இருப்பதை எழுத்தில் கொண்டுவருவது.

முதலில் எழுத்தை எல்லாம் வெளியே எடுங்கள். பவர்பாயின்டில் `View > Outline View` போனால் ஸ்லைடு வாரியாக எழுத்து தெரியும், காப்பி செய்துகொள்ளலாம். ஆனால் தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் என்று ஸ்லைடிலேயே அமைந்த கட்டத்தில் அடித்தது மட்டும்தான் அங்கே வரும். தனியாக டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு எழுதியது, படத்துக்குள் இருக்கும் எழுத்து எதுவும் வராது. விலையும் நிபந்தனையும் பெரும்பாலும் அப்படி ஒரு மூலைப் பெட்டியில்தான் இருக்கும். அதனால் ஸ்லைடைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கீழே நோட்ஸ் எழுதியிருந்தால் `File > Export > Create Handouts` மூலம் அதை வேர்டுக்கு அனுப்பலாம். நோட்ஸே இல்லையென்றால், ஒருமுறை யாருக்காவது பிபிடியை ஓட்டிப் பேசி அதைப் போனில் பதிவு செய்யுங்கள். வெப்சைட்டுக்கு வேண்டிய சரக்கில் பாதி அந்தப் பதிவில்தான் கிடைக்கும்.

அடுத்து எக்ஸெல்லில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: ஸ்லைடு எண், அதில் இருக்கும் விஷயம், அது வாடிக்கையாளரின் எந்தக் கேள்விக்குப் பதில், இன்னும் என்ன சொல்ல வேண்டும். மூன்றாவது நெடுவரிசைதான் முக்கியம். உங்கள் பிபிடியை நாங்கள் பார்க்கவில்லை. இந்தத் தொழிலில் வழக்கமாக இருக்கும் ஸ்லைடுகளை வைத்துப் பார்த்தால், கடைக்காரரின் கேள்விகள் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும்: என்னென்ன ரகம் இருக்கிறது, கையால் முடிச்சுப் போட்டதா அச்சடித்ததா, குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும், எப்போது வந்து சேரும், சாயம் நிற்குமா, நீங்கள் யார். மூன்றாவது நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்தினால் 3, 9, 17 என்று சிதறிக் கிடக்கும் ஸ்லைடுகள் ஒரே கேள்வியின் கீழ் வந்து சேரும். அதுதான் ஒரு பக்கம். எந்தக் கேள்விக்கும் பதிலாகாத ஸ்லைடு, உதாரணமாக 'எங்கள் தொலைநோக்கு', 'நன்றி' போன்றவை, வெப்சைட்டுக்குத் தேவையில்லை. தயங்காமல் விட்டுவிடுங்கள்.

இப்படிச் சேர்ந்த குவியல்களிலிருந்து மெனு தானாக வரும்:

```
சேலை ரகங்கள்
   கைமுடிச்சு சுங்குடி
   அச்சு சுங்குடி
மொத்த ஆர்டர்
சாயம், பராமரிப்பு
எங்களைப் பற்றி
தொடர்பு
```

மேல் வரிசையில் ஐந்து போதும், உள்ளே ஒரு அடுக்குக்கு மேல் வேண்டாம். போனில் மெனு மூன்று கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். அடுக்கு கூடினால் யாரும் தட்டித் தட்டித் தேட மாட்டார்கள். பெயர் இரண்டு சொல்லுக்குள் இருக்கட்டும். 'எங்கள் பலம்', 'சேவைகள்' போன்ற ஸ்லைடுத் தலைப்புகளை மெனுவில் ஏற்றாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

கைமுடிச்சையும் அச்சையும் தனிப் பக்கமாகப் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேரில் சேலையைப் புரட்டிக் காட்டி வித்தியாசத்தைச் சொல்லிவிடுவீர்கள். திரையில் இரண்டும் புள்ளியாகத்தான் தெரியும், விலை மட்டும் ஏன் வேறு என்று வாங்குபவர் குழம்புவார். மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருப்பதால், அதை எந்த ரகத்துக்குப் போடுகிறீர்கள், உங்களுக்கு அதற்கான பதிவு இருக்கிறதா என்பதையும் எழுதும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாப் பக்கத்திலும் பொதுவாக ஒட்டிவிட வேண்டாம்.

இனி பத்தி எழுதுவது. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். 'மொத்த ஆர்டர்' பக்கத்துக்கான ஸ்லைடில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "குறைந்தபட்சம் 50. 15 நாள். இந்தியா முழுவதும் டெலிவரி." இதை அப்படியே போட்டால் மறுநாளே போன் வரும். 50 என்பது ஒரே டிசைனிலா, கலந்தா? 15 நாள் ஆர்டர் சொன்ன நாளிலிருந்தா, முன்பணம் வந்த நாளிலிருந்தா? லாரி வாடகை யாருடையது? நேரில் இதற்கெல்லாம் நீங்கள் சொல்லும் பதிலை எழுதினால் பத்தி இப்படி ஆகும்:

"ஒரு ஆர்டருக்குக் குறைந்தது 50 சேலை எடுக்க வேண்டும். டிசைனும் நிறமும் கலந்து எடுக்கலாம். ஒரு டிசைனில் 10க்குக் குறையக்கூடாது. முன்பணம் வந்த நாளிலிருந்து 15 நாளில் மதுரையிலிருந்து அனுப்புவோம். கைமுடிச்சுச் சேலைக்குக் கூடுதல் நாள் ஆகும், ஆர்டரின்போதே தேதி சொல்லிவிடுவோம். லாரி வாடகை வாங்குபவருடையது."

எண்களை உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், எது, எப்போது என்பது முழுமையாக இருக்கிறதா என்றுதான். இந்தப் பத்திக்கு மேலே வரும் தலைப்பும் அதே மாதிரி விஷயத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய தலைப்பு, அதாவது H1: 'சுங்குடிச் சேலை மொத்த ஆர்டர்'. அதன் கீழ் H2 தலைப்புகள்: 'குறைந்தது எத்தனை சேலை', 'எத்தனை நாளில் அனுப்புவோம்', 'பணம் செலுத்தும் முறை', 'சேதமானால் மாற்றித் தருவது'. கடைசி இரண்டும் பிபிடியில் பெரும்பாலும் இருக்காது. ஆன்லைனில் பணம் வாங்கப் போகிறீர்கள் என்றால் பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் பணம் திருப்பும் விதி, தனியுரிமை, விதிமுறைகள் பக்கங்களைக் கேட்கும். அவற்றை மெனுவில் வைக்காமல் பக்கத்தின் அடிப்பகுதியில் வையுங்கள்.

முகப்பைக் கடைசியில் எழுதுங்கள். மற்ற பக்கங்கள் முடிந்த பிறகு, ஒவ்வொன்றின் சாரத்தையும் ஓரிரு வாக்கியத்தில் எடுத்து அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் முகப்பு தயார். முதல் ஸ்லைடில் இருக்கும் 'நல்வரவு' தேவைப்படாது.

டிசைனரிடம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. பத்திகளை மறைத்துவிட்டுத் தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள்; அதிலேயே விஷயம் விளங்க வேண்டும். பிறகு உங்கள் தொழில் தெரியாத ஒருவரிடம் மெனுவை மட்டும் காட்டி, "60 சேலை வேண்டும், எப்போது வரும் என்று எங்கே பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் ஒரு நிமிடம் யோசித்தால் மெனுப் பெயரை மாற்ற வேண்டும்.

படங்களை ஸ்லைடிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுக்காதீர்கள், நூலின் நயம் மங்கிவிடும். ஒரிஜினல் தொலைந்துவிட்டால் பிபிடியை நகல் எடுத்து, பெயரில் `.pptx` என்பதை `.zip` என்று மாற்றித் திறந்தால் `ppt/media` ஃபோல்டரில் படங்கள் தனித்தனியாக இருக்கும். பவர்பாயின்ட் அவற்றைச் சுருக்கியிருக்கலாம். பெரிதாக்கிப் பார்த்து மங்கலாக இருந்தால் புதிதாக எடுப்பதே மேல். எல்லாப் பக்கத்தையும் ஒரே கூகுள் டாக்கில் எழுதி, தலைப்புகளுக்கு `Heading 1`, `Heading 2` ஸ்டைல் கொடுங்கள். எந்தப் படம் எங்கே வரும் என்று ஃபைல் பெயரையும் அந்தந்தப் பத்தியின் கீழே குறித்துவிட்டால் டிசைனர் உங்களைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.